03/07/2024: மார்ச் மாதமா, ஜூலை மாதமா?

வெளிநாட்டில் சிகிச்சை பெற்றுத் திரும்பும் நோயாளர் கொண்டுவரும் ஆவணங்களில் தேதிகள் பெரும்பாலும் எண்களாலேயே குறிக்கப்பட்டிருக்கும். இந்தியாவில் நாளை முதலிலும் மாதத்தை அடுத்தும் எழுதுகிறோம். அமெரிக்காவிலோ மாதமே முதலில் வரும். நாளின் எண் 12-ஐத் தாண்டினால் குழப்பமில்லை. நாளும் மாதமும் ஒரே எண்ணாயினும் குழப்பமில்லை. எஞ்சியவை ஆண்டில் 132 நாட்கள். அவற்றை இருவகையாகவும் படிக்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். மாரடைப்புக்குப் பின் அமெரிக்காவில் இதயத்தில் ஸ்டென்ட் பொருத்தப்பட்ட ஒருவரின் டிஸ்சார்ஜ் சுருக்கத்தில், பொருத்திய நாள் 03/07/2024 என்றுள்ளது. இது மார்ச் 7 ஆகலாம். ஜூலை 3 ஆகவும் ஆகலாம். இடைவெளி 118 நாட்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் இரண்டு மாத்திரைகளையும் எதுவரை சேர்த்து உட்கொள்வது என்பதை மருத்துவர் இந்நாளிலிருந்தே கணக்கிடுகிறார். முன்னதாக நிறுத்தினால் ஸ்டென்ட் அடைபடக்கூடும். தேவைக்கு மேல் நீடித்தால் இரத்தக்கசிவு நேரக்கூடும்.

ஆகவே தேதியை மாற்றி எழுதுமுன், அதே ஆவணத்தின் பிற தேதிகளைப் பார்க்க வேண்டும். இவ்வாவணத்தில் அனுமதி 03/07/2024, வீடு திரும்பியது 03/10/2024, மறுபரிசோதனை 03/15/2024. பதினைந்தாம் மாதம் என்று ஒன்றில்லை. எனவே 15 என்பது நாளே. இரண்டாவது சான்றும் உண்டு. நாளே முதலில் என்று கொண்டால், நோயாளர் ஜூலை 3 முதல் அக்டோபர் 3 வரை மூன்று மாதம் மருத்துவமனையில் இருந்ததாகிவிடும். மாதமே முதலில் என்று கொண்டால் மூன்று நாட்களே, அதுவே பொருந்துகிறது. கிழமை குறிக்கப்பட்டிருந்தால் அதுவும் துணை செய்யும்: 2024 மார்ச் 7 வியாழன், ஜூலை 3 புதன்.

ஓர் ஆவணத்தில் தெளிந்த வரிசையை மற்றோர் ஆவணத்திற்குப் பொருத்தலாகாது. அதே கோப்பில் இந்திய ஆய்வகம் ஒன்றின் அறிக்கையும் இருக்கலாம். அதில் நாளே முதலில் வரும். கணினியையும் முழுதாக நம்ப இயலாது. நாள் முதலில் வருமாறு அமைந்த கணினி 03/15/2024 என்பதைத் தேதியாக ஏற்காது. 03/07/2024 என்பதையோ எவ்வித எச்சரிக்கையுமின்றி ஜூலை 3 என்றே பதிந்துகொள்ளும்.

வரிசை உறுதியானபின், மாதத்தை எழுத்தால், "2024 மார்ச் 7" என எழுதி, மூலத்தில் உள்ளவாறே 03/07/2024 என்பதையும் அருகில் குறிக்க வேண்டும். பின்னர் ஐயம் எழுந்தால் சரிபார்க்க அது உதவும். ஆவணத்தில் சான்று எதுவும் கிட்டாவிடில் ஊகித்து எழுதலாகாது. "நாள், மாத வரிசை தெளிவில்லை" என்று குறித்து, சிகிச்சை அளித்த மருத்துவமனையிடம் கேட்டறிவதே முறை. அதுவரை மாத்திரைகளைத் தாமாக நிறுத்தாமல், ஐயத்தை மருத்துவரிடம் தெரிவிக்குமாறு வேண்டுகிறோம்.