சந்தேகச் சரக்குக்குப் பூர்வீகம் கேளுங்கள்: மொத்த வியாபாரிக்கு எழுதும் கடிதம்

மதுரையில் ஒரு எலெக்ட்ரிக்கல் கடை என்று வைத்துக்கொள்வோம். பெயர்பெற்ற கம்பெனியின் 1.5 சதுர மி.மீ. ஒயர், 90 மீட்டர் காயில் 40 வந்து இறங்குகிறது. கடைப்பையன் ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணே, வழக்கத்தைவிட லேசா இருக்கே" என்கிறான். தராசில் வைத்தால், கடையில் இருந்த அதே ரகத்துப் பழைய காயிலைவிட 150 கிராம் குறைவு. இந்த அளவுக் காயிலில் செம்பு மட்டுமே சுமார் 1.2 கிலோ இருக்க வேண்டும். ஐஎஸ்ஐ முத்திரைக்குக் கீழே உள்ள CM/L எண்ணை BIS Care செயலியில் போட்டுப் பார்த்தால் உரிமம் உண்மையானதுதான். ஆனால் செயலி காட்டும் தொழிற்சாலை முகவரி வேறு, உறையில் அச்சான முகவரி வேறு. நல்ல எண்ணை யாரும் நகலெடுத்து அச்சிடலாம் என்பதால், எண் சரியாக இருப்பது மட்டும் போதாது.

இங்கே பலரும் செய்யும் தவறு, மொத்த வியாபாரிக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்துவிட்டு, விற்பனையையும் தொடர்வது. வணிகக் குறிகள் சட்டம் 1999-இன் 104-ஆவது பிரிவின்படி, போலிக் குறியுள்ள சரக்கை விற்றாலே 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. தக்க எச்சரிக்கை எடுத்தும் சந்தேகப்படக் காரணம் இல்லாமல் விற்றேன், கேட்டதும் யாரிடம் வாங்கினேன் என்று சொல்லிவிட்டேன் என்று காட்டினால் தப்பலாம். சந்தேகம் வந்த பிறகு விற்றால் அந்த வாதம் நிற்காது. ஆகவே முதல் வேலை, மீதிக் காயில்களைத் தனியே அடுக்கி, "விற்பனைக்கு அல்ல" என்று எழுதி ஒட்டுவது. அன்றைக்கே கடிதம். தாமதித்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. வாங்கிய சரக்கை மறுப்புச் சொல்லாமல் நெடுநாள் வைத்திருந்தால், அதை ஏற்றுக்கொண்டதாகச் சரக்கு விற்பனைச் சட்டம் 1930 கருதும்.

கடிதம் இப்படி இருக்கலாம்:

"பொருள்: 03.03 தேதியிட்ட பில் எண் 412-இல் வந்த ஒயர் காயில்களுக்கு மூல ஆதாரம் கோருதல்.

ஐயா, மேற்படி பில்லில் தாங்கள் அனுப்பிய 40 காயில்களில் எடைக் குறைவும், உறையில் முகவரி வேறுபாடும் காணப்படுகின்றன. அதனால் அவை அசல்தானா என்று ஐயம் எழுந்துள்ளது. படங்களை இணைத்துள்ளேன். விற்காமல் மீதமுள்ள 37 காயில்களை இன்று முதல் நிறுத்தி வைத்துள்ளேன். இந்தச் சரக்கைத் தாங்கள் கொள்முதல் செய்த பில்லின் நகலையும், விற்றவர் கம்பெனியின் அங்கீகாரம் பெற்றவர் என்பதற்கான கடிதத்தையும் 7 நாட்களுக்குள் அனுப்பவும். கொள்முதல் விலையை மறைத்து அனுப்பலாம். தேதி, அளவு, லாட் எண், ஜிஎஸ்டி எண் தெரிய வேண்டும். அதுவரை பாக்கித் தொகையை நிறுத்தி வைக்கிறேன். ஆதாரம் வராவிட்டால் சரக்கை மறுத்து, முழுத் தொகையையும் திரும்பக் கோருவேன்."

இதில் "போலி", "மோசடி" என்ற சொற்கள் இல்லை என்பதைக் கவனியுங்கள். நிரூபிக்காத குற்றத்தை எழுத்தில் சுமத்தினால், வழக்கு உங்கள் பக்கமே திரும்பலாம். கண்டதைச் சொல்லி, வேண்டியதைக் கேட்டால் போதும். விலையை மறைக்கச் சொல்வதிலும் காரணம் உண்டு: "என் லாபத்தை உங்களுக்கு ஏன் காட்ட வேண்டும்?" என்பதுதான் முதலில் வரும் சாக்கு.

கடிதத்தை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான அத்தாட்சியை எடுத்து வையுங்கள். மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் ஒரு பிரதி போகட்டும். அதே படங்களை ஒயர் கம்பெனிக்கும் அனுப்புங்கள். அசலா இல்லையா என்று எழுத்தில் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான்.

பதில் வந்ததும் ஆதாரத்தைச் சரக்கோடு பொருத்திப் பாருங்கள். வெறும் டீலர் சான்றிதழ் வந்தால், அவர் டீலர் என்று தெரியுமே தவிர, இந்தக் காயில் அங்கிருந்து வந்தது என்று தெரியாது. கொள்முதல் பில் வந்தால், அதன் தேதி உங்கள் பில்லுக்கு முந்தியதா, லாட் எண் ஒன்றா, அளவு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அவர் 25 காயில் வாங்கியதாகக் காட்டி உங்களுக்கு 40 விற்றிருந்தால், மீதி 15-க்குப் பூர்வீகம் இல்லை.

"சரக்கைத் திருப்பி அனுப்புங்க, பேச்சை முடிச்சுக்கலாம்" என்று சொன்னால், பில் எண் 412-ஐக் குறிப்பிட்ட கிரெடிட் நோட் கைக்கு வராமல் ஒரு காயில்கூட ஏற்றாதீர்கள். இரண்டு காயில்களை உறையோடு சீல் வைத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளை கம்பெனி ஆளோ போலீஸோ கடை வாசலில் நின்றால், அந்த இரண்டு காயிலும் தேதியிட்ட கடிதமும்தான் உங்களுக்குச் சாட்சி.