விஞ்ஞானம் - வெப்பம்: இரவுக் காற்றால் சுவரைக் குளிர்வித்தல்

மாணவர்களே, சம்மாந்துறையில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகல் வெப்பநிலை 34 °C ஐயும் தாண்டும். ஆனால் சூரியன் மறைந்து நெடுநேரம் சென்ற பின்னரும் அறைக்குள் புழுக்கம் குறைவதில்லை. வெளி முற்றத்தில் நின்றால் குளிர்ச்சி தெரிகிறது. அறைக்குள் சென்று சுவரில் கையை வைத்தால் சூடு தெரிகிறது. பகலில் வந்த வெப்பத்தைச் செங்கல்லும் சீமெந்தும் சேமித்து வைத்திருப்பதே இதற்குக் காரணமாகும்.

இரவில் யன்னல்களைத் திறந்து, குளிர்ந்த வெளிக்காற்றைச் சுவரின் மீது செல்லவிட்டு இவ்வெப்பத்தை வெளியேற்றலாம். காலையில் யன்னல்களை மூடிவிட்டால், குளிர்ந்த சுவர் அடுத்த நாள் பகலில் வரும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். இதனால் உச்ச வெப்பநிலை எவ்வளவு குறையும் என்பதை Q = mcθ என்னும் சமன்பாட்டைக் கொண்டு கணிப்போம்.

தரவுகள்

4 m நீளமும் 3 m அகலமும் 3 m உயரமும் கொண்ட அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். சுவர்கள் செங்கல்லாலானவை, நிலம் சீமெந்தாலானது. கதவு, யன்னல்களின் பரப்பு 4 m². செங்கல், சீமெந்து இரண்டுக்கும் அடர்த்தி 1800 kg m⁻³ எனவும் தன்வெப்பக் கொள்ளளவு 800 J kg⁻¹ °C⁻¹ எனவும் கொள்க. வளியின் அடர்த்தி 1.2 kg m⁻³, அதன் தன்வெப்பக் கொள்ளளவு 1000 J kg⁻¹ °C⁻¹.

படி 1: சேமிக்கப்பட்ட வெப்பம்

சுவர்களின் பரப்பு = (14 × 3) − 4 = 38 m²
நிலத்தின் பரப்பு = 4 × 3 = 12 m²
மொத்தப் பரப்பு = 50 m²

இங்கு மாணவர்கள் பலர் சுவரின் முழுத் தடிப்பையும் எடுத்துவிடுவர். செங்கல்லினூடாக வெப்பம் மெதுவாகவே கடத்தப்படும். ஆகவே ஓர் இரவுக்குள் உட்பக்கத்திலிருந்து சில சென்ரிமீற்றர் ஆழம் வரையுள்ள பகுதியே போதியளவு குளிரும். அவ்வாழத்தை 5 cm எனக் கொள்வோம்.

கனவளவு = 50 × 0.05 = 2.5 m³
திணிவு = 2.5 × 1800 = 4500 kg
வெப்பக் கொள்ளளவு = 4500 × 800 = 3 600 000 J °C⁻¹

இது நினைவில் வைத்திருக்க இலகுவான எண். மின்பட்டியலில் வரும் ஓர் அலகு (1 kWh) என்பதும் 3 600 000 J ஆகும். எனவே இவ்வறையின் சுவரும் நிலமும் 1 °C ஆல் குளிர வேண்டுமாயின், ஓர் அலகு மின்சாரத்துக்குச் சமமான சக்தி வெளியேற வேண்டும். மாலையில் 32 °C இல் உள்ள சுவர் விடியற்காலையில் 29 °C க்குக் குறைய வேண்டுமெனில்,

Q = 3 600 000 × 3 = 10 800 000 J

படி 2: தேவையான காற்று

அறையிலுள்ள வளியின் கனவளவு 36 m³. திணிவு 36 × 1.2 = 43.2 kg. அதன் வெப்பக் கொள்ளளவு 43 200 J °C⁻¹ மட்டுமே. இது சுவர், நிலம் ஆகியவற்றின் வெப்பக் கொள்ளளவில் எண்பதில் ஒரு பங்கிலும் குறைவு. ஆகவே அறையின் காற்று ஒரு தடவை மாறினால் போதாது.

உள்ளே வரும் காற்று 2 °C ஆல் சூடாகி வெளியேறுகிறது எனக் கொள்வோம்.

ஒரு தடவை காற்று மாறும்போது வெளியேறும் வெப்பம் = 43 200 × 2 = 86 400 J
தேவையான தடவைகள் = 10 800 000 ÷ 86 400 = 125

இரவு 8 மணி முதல் காலை 6 மணி வரையான 10 மணித்தியாலத்தில் 125 தடவைகள், அதாவது மணித்தியாலத்துக்கு 12.5 தடவைகள் காற்று மாற வேண்டும். ஒரே சுவரில் உள்ள ஒரு யன்னலைத் திறந்தால் இது கடினம். எதிரெதிர்ச் சுவர்களில் யன்னல்கள் திறந்திருந்து காற்று வீசினால், அல்லது காற்றை வெளியேற்றும் விசிறி ஒன்று மணித்தியாலத்துக்கு 450 m³ காற்றை இழுத்தால் இது சாத்தியமாகும்.

படி 3: அடுத்த நாள் உச்ச வெப்பநிலை

யன்னல் மூடியிருந்த அதேபோன்ற மற்றோர் அறையில் சுவர் இரவு முழுவதும் 1 °C ஆல் மட்டுமே குறைந்து, காலையில் 31 °C இல் இருந்தது எனக் கொள்க. காலையில் இரு அறைகளுக்கும் இடையிலான வேறுபாடு 2 °C. இரு அறைகளுக்குள்ளும் பகலில் சம அளவு வெப்பம் வந்தால் உச்ச வேளையிலும் அதே 2 °C வேறுபாடு இருக்கும்.

ஆனால் குளிர்ந்த அறைக்குள் வெளியிலிருந்து சற்றுக் கூடுதலான வெப்பம் வரும். 1 °C வேறுபாட்டுக்குச் செக்கனுக்கு 60 J கூடுதலாக வருவதாகவும், வேறுபாடு 8 மணித்தியாலமும் (28 800 s) 2 °C ஆகவே இருப்பதாகவும் கொண்டால்,

கூடுதல் வெப்பம் = 60 × 2 × 28 800 = 3 456 000 J
இதனால் ஏற்படும் வெப்பநிலை உயர்வு = 3 456 000 ÷ 3 600 000 = 0.96 °C

உண்மையில் வேறுபாடு படிப்படியாகக் குறைந்து செல்வதால் இவ்வுயர்வு 0.96 °C ஐ விடக் குறைவாகும். ஆகவே உச்ச வெப்பநிலை குறையும் அளவு 1 °C க்கும் 2 °C க்கும் இடைப்பட்டது.

காலையில் மூடாவிட்டால்

நண்பகலில் வெளிக்காற்று 34 °C, சுவர் 29 °C எனக் கொள்க. ஒவ்வொரு தடவை காற்று மாறும்போதும் 43 200 × 5 = 216 000 J வரை சுவருக்குச் செல்லலாம். 50 தடவைகளில், அதாவது அதே வேகத்தில் 4 மணித்தியாலத்தில், இரவு முழுவதும் வெளியேற்றிய வெப்பம் திரும்பி வந்துவிடும். வெளிக்காற்று சுவரை விடச் சூடாகும் வேளையே யன்னலை மூட வேண்டிய வேளை.

முறையின் எல்லை

சிம்பாப்வேயின் ஹராரே நகரில் 1996 இல் திறக்கப்பட்ட ஈஸ்ற்கேற் கட்டடம் இம்முறையைப் பயன்படுத்துகிறது. கட்டடக் கலைஞர் மிக் பியர்ஸ் வடிவமைத்த இக்கட்டடத்தில், விசிறிகள் இரவுக் காற்றைக் கொங்கிறீற்றுத் தளங்களினூடாகச் செலுத்துகின்றன. ஹராரே கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1500 m உயரத்தில் உள்ளது. வறண்ட மாதங்களில் அங்கு பகலுக்கும் இரவுக்கும் இடையில் 10 °C இலும் கூடுதலான வேறுபாடு காணப்படும். சம்மாந்துறை கடலுக்கு அண்மையில் இருப்பதால் இவ்வேறுபாடு அதனிலும் குறைவு. எனவே இங்கு கிடைக்கும் பயனும் குறைவாகும். கூரைத் தகட்டின் கீழ் உட்கூரை இல்லாத வீடுகளில் பகல் வெப்பம் மேலிருந்து நேரடியாக வருவதால் அப்பயனும் விரைவில் மறைந்துவிடும்.

இரவில் முறை சரியாக நடைபெறுகிறதா என்பதை இரு வெப்பமானிகளால் அறியலாம். உட்காற்று வெளிக்காற்றை விட மிகவும் சூடாக இருந்தால் போதிய காற்று மாறவில்லை என்பது கருத்து. இரண்டும் ஏறக்குறையச் சமமாக இருந்தும் சுவர் சூடாகவே இருந்தால், காற்று சுவரைத் தொடாமல் செல்கிறது. அலுமாரிகள் சுவரை மறைக்கின்றனவா எனப் பார்க்க வேண்டும்.

பயிற்சி வினாக்கள்

1. கச்சான் இரவொன்றில் மேற்கூறிய அறையில் காற்று 125 தடவைகள் மாறியது. ஆனால் அது 1 °C ஆல் மட்டுமே சூடாகி வெளியேறியது. சுவர் எவ்வளவு குளிரும்?

2. யன்னல்களை மூடிவிட்டு 75 W கூரை மின்விசிறியை 10 மணித்தியாலம் இயக்கினால் சுவர் குளிருமா?

விடைகள்

1. Q = 125 × 43 200 × 1 = 5 400 000 J. வெப்பநிலைக் குறைவு = 5 400 000 ÷ 3 600 000 = 1.5 °C.

2. குளிராது. விசிறி வியர்வையை ஆவியாகச் செய்து எமக்கு இதமளிக்குமேயன்றி, அறையின் வெப்பத்தை வெளியேற்றாது. அது பெறும் மின்சக்தியான 75 × 36 000 = 2 700 000 J உம் இறுதியில் அறைக்குள்ளேயே வெப்பமாக மாறும். அவ்வெப்பம் வெளியேறாவிடின் சுவர் 0.75 °C ஆல் சூடாகும்.