எண்பத்தைந்து பேருக்கு ஒரு வாழ்த்து

ஒருவருக்கு வாழ்த்து எழுதுவது எளிது. அவருடைய பெயர், உறவு, அண்மையில் அவர் கண்ட நன்மை ஆகியவை நம் நினைவில் இருக்கும். ஒரே அலுவலகத்தைச் சேர்ந்த பலருக்கு ஒரே செய்தியாக எழுதும்போதுதான் கை தயங்குகிறது. பெயர் சொல்ல இயலாது. உறவும் ஆளுக்கு ஆள் வேறுபடும். அத்தயக்கத்தின் முடிவில் பெரும்பாலோர் வேறொரு குழுவில் வந்த வாழ்த்தை எடுத்து அப்படியே அனுப்பிவிடுகின்றனர். அவ்வாறு அனுப்பாமல், நான்கைந்து தொடர்களில் நாமே எழுதுவது எவ்வாறு என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வழியே காண்போம்.

மின்வாரிய உபகோட்டம் ஒன்றின் புலனக் குழுவை எண்ணிக்கொள்வோம். பொறியாளர், மின்பாதை ஆய்வாளர், கம்பியாளர், களஉதவியாளர், கணக்கீட்டாளர், கிடங்குப் பொறுப்பாளர் என 85 பேர் அதில் உள்ளனர். கணக்கீட்டாளராகப் பணிபுரியும் பெண் ஒருவர் சனவரி முதல் நாளுக்கு வாழ்த்து எழுத விரும்புகிறார். அவருக்கு முதலில் கிடைத்தது, உறவினர் அனுப்பிய பின்வரும் வாழ்த்து:

“மலரும் புத்தாண்டில் தங்கள் வாழ்வில் துன்பங்கள் நீங்கி, இன்பங்கள் பொங்கி, வளங்கள் பெருகி, எண்ணியவை யாவும் ஈடேற உளமார வாழ்த்துகிறோம்.”

இத்தொடரில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை. ஆயினும் இதனை மருத்துவமனைக்கும் அனுப்பலாம், வங்கிக்கும் அனுப்பலாம், ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டியதில்லை. பொதுவாழ்த்து நெஞ்சைத் தொடாமைக்கு அதுவே காரணம். மேலும், பிறரிடமிருந்து வந்ததை அப்படியே அனுப்பினால் 2018ஆம் ஆண்டு முதல் புலனமே அம்புக்குறி இட்டுக் காட்டிவிடுகிறது. பலமுறை கைமாறி வந்ததாயின் இரட்டை அம்புக்குறி தோன்றும். படியெடுத்து ஒட்டினால் அம்புக்குறி வாராதுதான். ஆனால் வேறு தடயங்கள் எஞ்சும். தனியொருவர் அனுப்பும் செய்தியில் ‘வாழ்த்துகிறோம்’ என்று பன்மை நிற்கும். சில வேளைகளில் முன்னர் அனுப்பியவரின் குடும்பப் பெயரே அடியில் தங்கிவிடும்! அதே வாழ்த்தை அதே காலையில் இன்னும் இருவர் அனுப்பியிருப்பதும் உண்டு.

எனவே அவர் தாமே எழுத முற்படுகிறார். நவம்பர் மழையில் அவ்வுபகோட்டத்தில் பல கம்பங்கள் சாய்ந்தன. நான்காம் நாள் மாலையில்தான் கடைசித் தெருவுக்கு மின்சாரம் சென்றது. அதை நினைவுகூர்ந்து, “மழையில் இரவெல்லாம் கம்பத்தின்மேல் நின்ற நம் மூன்று கம்பியாளர்களுக்கும் என் புத்தாண்டு வாழ்த்துகள்” என்று எழுதுகிறார். இது பிறர் எழுதியதன்று, உண்மையும் கூட. ஆனால் மூவரைச் சுட்டியதால் மற்றையோர் விடுபட்டுவிட்டனர். விடிய விடியத் தொலைபேசியில் மக்களின் சினத்துக்கு மறுமொழி சொன்னவர் இதைப் படிக்கும்போது என்ன எண்ணுவார்? பெருங்குழுவில் ஆளைச் சுட்டுவதைவிடச் செயலைச் சுட்டுவது நன்று. செயலில் தம் பங்கு எது என்பதை ஒவ்வொருவரும் தாமே கண்டுகொள்வர்.

இன்னொன்றையும் அவர் எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது. அக்குழுவில் உள்ள ஒருவர் அக்டோபரில் தம் கணவரை இழந்தவர். ‘இன்பங்கள் பொங்கட்டும்’ என்னும் சொல் 84 பேருக்கு வாழ்த்தாகவும் அவ்வொருவருக்கு முள்ளாகவும் இருக்கும். அதற்காக அவருடைய துயரைக் குழுவில் எடுத்துரைப்பதும் முறையன்று. எல்லார் கண்களும் அவர்மேல் திரும்பிவிடும். அவருக்கெனத் தனியே இரண்டு வரி எழுதுவதே தக்கது. பொதுச்செய்தியில் செய்யத்தக்கது ஒன்றே: ‘இன்பம்’, ‘கொண்டாட்டம்’ ஆகியவற்றின் இடத்தில் ‘நலம்’, ‘ஆறுதல்’ போன்ற சொற்களை வைத்தல். மகிழ்ந்திருப்போரும் வருந்தியிருப்போரும் அவற்றை ஒருசேர ஏற்க இயலும்.

இனி, தமிழ் நமக்குத் தரும் இரு வாய்ப்புகளைக் காண்க. முன்னிலையில் உள்ளவரையும் சேர்த்துக்கொள்ளும் ‘நாம்’, அவரை விலக்கி நிற்கும் ‘நாங்கள்’ எனத் தன்மைப் பன்மை நம் மொழியில் இரண்டாக உள்ளது. ‘உங்கள் பணி சிறக்கட்டும்’ என்னும்போது சொல்பவர் வெளியே நிற்கிறார். ‘நம் பணி சிறக்கட்டும்’ என்னும்போது அவரும் உள்ளே வந்துவிடுகிறார். உடன் பணிபுரிவோருக்கு எழுதும் வாழ்த்தில் இந்த ஒருசொல் மாற்றம், நான்கு அடைமொழிகள் தாராத நெருக்கத்தைத் தரும். அடுத்தது வியங்கோள் வினைமுற்று. ‘வாழ்க’, ‘அமைக’ என்பன இருதிணை, ஐம்பால், மூவிடம் அனைத்திற்கும் பொதுவானவை. செயற்பொறியாளரையும் நேற்றுப் பணியில் சேர்ந்த களஉதவியாளரையும் ஒரே சொல்லால் வாழ்த்தலாம். மரியாதை கூடுமோ குறையுமோ என்னும் கவலை இல்லை. ‘உயர்திரு’ தொடங்கிப் பதவிகளை வரிசைப்படுத்தும் விளிப்பும் இதனால் தேவையற்றதாகிறது. அவ்வரிசையில் கடைசியாக வருபவர் தம்மைக் கடைசி ஆளாகவே உணர்வார்.

கணக்கீட்டாளர் இறுதியாக எழுதியது இது:

“இவ்விரவிலும் பணியில் இருப்போருக்கு முதல் வணக்கம். நவம்பர் மழையில் நான்காம் நாள் மாலை கடைசித் தெருவிலும் விளக்கு எரிந்தபோது, கம்பத்தில் ஏறியவர், கிடங்கில் பொருள் எடுத்துத் தந்தவர், தொலைபேசியில் பொறுமையாகப் பதில் சொன்னவர் எல்லாரும் அதில் இருந்தோம். வரும் ஆண்டு நமக்கு நலமும், வேண்டுவோர்க்கு ஆறுதலும் தருக. ஒவ்வொரு நாளும் வேலை முடித்து நாம் அனைவரும் பத்திரமாக வீடு திரும்பும் ஆண்டாக அமைக. புத்தாண்டு வாழ்த்துகள்.”

ஐந்தே தொடர்கள். பணியில் இருப்போருக்கான வணக்கத்தை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. பூட்டிய கைபேசித் திரையில் செய்தியின் தொடக்கம் மட்டுமே தோன்றும். அவ்விடத்தைப் ‘புத்தாண்டு வாழ்த்துகள்’ என்பதே நிரப்பிவிட்டால், பத்தோடு பதினொன்றாகப் படிக்காமலே தள்ளிவிடுவர். நான்காம் தொடரோ இச்செய்தியின் உயிர். மின்கம்பியில் வேலை செய்பவருக்கு ‘பத்திரமாக வீடு திரும்புதல்’ என்பது வெறும் அலங்காரச் சொல்லன்று. இத்தொடரைத் துணிக்கடைப் பணியாளர் குழுவுக்கு அனுப்பினால் பொருள் பாதி தேய்ந்துவிடும். இதே குழுவுக்குச் சித்திரை முதல் நாளில் எழுதுவதாயினும் மழையை விடுத்துக் கோடையில் சூடேறும் மின்மாற்றியைப் பற்றி எழுத நேரிடும். (‘வாழ்த்துக்கள்’ என வல்லினம் மிகுத்து எழுதுவோர் பலர், ‘எழுத்துகள்’ போல ‘வாழ்த்துகள்’ என்பதே ஏற்புடையது.)

அனுப்பும் நேரமும் கருதத்தக்கது. பணிக்குழு என்பது பழுதுச் செய்திகள் வரும் இடமும் ஆகும். நள்ளிரவில் மலர்ப் படங்களும் அசையும் படங்களும் நாற்பது குவிந்தால், ‘பள்ளி அருகே கம்பி அறுந்து கிடக்கிறது’ என்னும் ஒற்றைவரி மேலே மறைந்துபோகும். ஆகவே அவர் படம் எதையும் இணைக்கவில்லை. இரவுப் பணியாளர் பணி மாறுவதற்குச் சற்று முன்னதாக, விடியற்காலையில் ஒருமுறை மட்டும் அனுப்பினார். மறுமொழி சொன்ன ஒவ்வொருவருக்கும் குழுவிலேயே நன்றி கூறிச் செய்திகளைப் பெருக்கவும் இல்லை.

பயிற்சி: உங்கள் பள்ளியின் ஆசிரியர்களும் அலுவலர்களும் துப்புரவுப் பணியாளர்களும் ஒருங்கே உள்ள குழுவுக்கு அவர்களுள் ஒருவர் எழுதுவதாகக் கொண்டு, புத்தாண்டு வாழ்த்து ஒன்றை ஐந்து தொடர்களுக்குள் எழுதுக. சென்ற ஆண்டு அவர்கள் சேர்ந்து செய்த ஒரு செயல் அதில் இடம்பெறுக. எழுதியபின், பள்ளியின் பெயரை மறைத்துவிட்டு, அது எந்தப் பள்ளிக்குரியது என்று உடன் பயிலும் ஒருவரிடம் கேட்டறிக.