நீங்கள் இல்லாத தொழிலுக்கு என்ன விலை?

கேள்வி: எனக்கு 63 வயது, மனைவிக்கு 60. கோவையில் அப்பா தொடங்கிய ஃபவுண்டரியை என் பெயரில் நடத்தி வருகிறேன். பம்ப்செட் கம்பெனிகளுக்கு காஸ்டிங் வார்த்து, மெஷினிங்கும் செய்து கொடுக்கிறோம். மகன், மகள் இருவருமே தொழிலுக்கு வரவில்லை. வட்டி, தேய்மானம் கழிக்கும் முன் ஆண்டு லாபம் 1.70 கோடி. வங்கிக் கடன் 1 கோடி. எங்களிடம் சரக்கு வாங்கும் ஒருவர், கடனை ஏற்றுக்கொண்டு, நிலம் உட்பட 7 கோடி தருவதாகச் சொல்கிறார். நிலம் மட்டுமே 5 கோடி பெறும். கொடுத்துவிடலாமா? பணத்தை எங்கே போடுவது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். நிலத்தையும் தொழிலையும் ஒன்றாகக் கட்டி விலை பேசுவதால்தான் 7 கோடி பெரிதாகத் தெரிகிறது. நிலத்துக்கு 5 கோடி போனால், தொழிலுக்கு அவர் தருவது வெறும் 2 கோடி.

தொழிலின் விலையைத் தனியாகப் பார்ப்போம். உங்கள் கணக்கில் உங்களுக்குச் சம்பளம் இருக்காது. கணக்கு வழக்கை மனைவி பார்த்தால் அவருக்கும் இருக்காது. சொந்த ஷெட் என்பதால் வாடகையும் இருக்காது. ஆனால் வாங்குபவர் இவை மூன்றுக்கும் பணம் கொடுத்தாக வேண்டும். மேனேஜருக்கு 24 லட்சம், கணக்காளருக்கு 6 லட்சம், வாடகை 24 லட்சம் என்று வையுங்கள். 1.70 கோடியில் 54 லட்சம் போக 1.16 கோடி நிற்கிறது. நீங்கள் வீட்டில் உட்கார்ந்தாலும் தொழில் ஈட்டும் பணம் இதுதான்.

இதன் 4 மடங்கு 4.64 கோடி. கடனைக் கழித்தால் 3.64 கோடி. ஆனால் விற்பனையில் பாதி ஒரே கம்பெனிக்குப் போகிறது என்றால், அதுவும் உங்கள் முகத்துக்காக வருகிற ஆர்டர் என்றால், 3 மடங்குதான் கிடைக்கும். அப்போது கைக்கு வருவது 2.48 கோடி. இந்த 1.16 கோடி வித்தியாசத்தைத் தீர்மானிப்பது நீங்கள் விற்கும் முன் செய்யும் வேலை. ஓராண்டு எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய வாடிக்கையாளரிடம் எழுத்தில் ஒப்பந்தம் வாங்குங்கள். விலை பேசுவதையும் ஆர்டர் எடுப்பதையும் ஒரு மேனேஜரிடம் விடுங்கள். நீங்கள் மூன்று மாதம் பட்டறைப் பக்கம் போகாமல் ஆர்டர் குறையவில்லை என்றால், 4 மடங்கு கேட்க உங்களுக்கு ஆதாரம் இருக்கிறது.

விற்கும்போது மெஷின், சரக்கு என்று பிரித்து விலை போடாதீர்கள். தேய்மானம் எழுதிய மெஷின்களைத் தனியாக விற்றால், அதில் வரும் லாபத்துக்கு உங்கள் வருமான வரம்பின்படி 30 சதவீதம் வரை வரி. ஓடும் தொழிலை மொத்தமாக ஒரே விலைக்கு விற்பதை 'ஸ்லம்ப் சேல்' என்பார்கள். மூன்று ஆண்டுக்கு மேல் நடந்த தொழில் என்பதால், விற்ற விலையில் புத்தக மதிப்பைக் கழித்த லாபத்துக்கு 12.5 சதவீதமே வரி. 3.64 கோடிக்கு விற்று, புத்தக மதிப்பு 1.44 கோடி என்றால் லாபம் 2.20 கோடி. சர்சார்ஜ், செஸ் சேர்த்து வரி சுமார் 33 லட்சம். ஒன்றைக் கவனியுங்கள்: விலையை இரண்டு மூன்று தவணையாகத் தருகிறேன் என்று அவர் சொன்னாலும், முழு லாபத்துக்கும் கைமாறிய ஆண்டிலேயே வரி கட்ட வேண்டும். முதல் தவணையாவது வரியைத் தாண்டி வரட்டும்.

நிலத்தை விற்க வேண்டாம். மாதம் 2 லட்சத்துக்குப் பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் போடுங்கள். இதனால் உங்கள் சொத்தில் பாதிக்கு மேல் அதே ஊரில், அதே பட்டறையை நம்பி நிற்கிறது. எனவே கைக்கு வரும் சுமார் 3.30 கோடியில் இன்னொரு மனை வாங்காதீர்கள்; தெரிந்த பட்டறைக்காரர்களுக்கு வட்டிக்கும் விடாதீர்கள்.

வாடகை நின்றாலும் தாக்குப்பிடிக்க, இரண்டு ஆண்டு வீட்டுச் செலவாக 30 லட்சத்தைப் பல வங்கிகளில் வைப்பு நிதியாகப் பிரித்துப் போடுங்கள். ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் காப்பீடு. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஆளுக்கு 30 லட்சம் போடலாம். இருவருக்கும் 60 லட்சம். அரசுக் கடன் பத்திரங்களிலும் கடன் ஃபண்டுகளிலும் 1 கோடி. இண்டெக்ஸ் ஃபண்டில் 1.20 கோடியை மாதம் 10 லட்சமாக ஓராண்டில் போடுங்கள். அதுவரை லிக்விட் ஃபண்டில் இருக்கட்டும். மீதி 20 லட்சம் தங்க ஃபண்டில்.

கடைசியாக ஒன்று. கடனை அவர் ஏற்றுக்கொள்வதாக ஒப்பந்தத்தில் எழுதினால் மட்டும் போதாது. வங்கிக் கணக்கில் கடன் உங்கள் பெயரிலேயே இருந்து, நீங்கள் கொடுத்த அடமானப் பத்திரமும் அப்படியே இருந்தால், அவர் கட்டத் தவறும்போது வங்கி உங்கள் வீட்டுக்குத்தான் வரும். வங்கியின் விடுவிப்புக் கடிதமும் மூலப் பத்திரமும் கையில் கிடைக்காமல் விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.