முதல் மழையும் வழுக்கும் சாலையும்

பெங்களூருவின் கோடை மழை பெரும்பாலும் பிற்பகலுக்குப் பின்னரே வரும். மாம்பழ மழை என்று மக்கள் அழைக்கும் அந்த மழையின் முதல் பத்து நிமிடங்களில் ஒக்கலிபுரம் ரயில்வே கீழ்ப்பாலத்தை நோக்கி இறங்கும் இருசக்கர வாகன ஓட்டிகளைக் கவனித்தால் ஒன்று புலப்படும். மழை வலுத்துச் சாலையில் நீர் ஓடத் தொடங்கியதும் எல்லோரும் வேகத்தைக் குறைக்கின்றனர். தூறல் விழுந்து சாலை கறுத்து மினுங்கத் தொடங்கும் வேளையிலோ, நனையாமல் வீடு சேர்ந்துவிடலாம் என்ற எண்ணத்தில் பலர் வேகத்தைக் கூட்டுகின்றனர். ஆயினும் பிடிமானம் மிகக் குறைவாக இருப்பது பெரும்பாலும் இந்த இரண்டாம் வேளையில்தான்.

காரணம் எளியது. டிசம்பர் முதல் மார்ச் வரை நகரில் மழை மிகக் குறைவு. அந்த மாதங்களில் வண்டிகளிலிருந்து சொட்டிய இயந்திர எண்ணெய், ததும்பிச் சிந்திய டீசல், டயரிலிருந்து தேய்ந்த ரப்பர்த் துகள், கட்டடப் பணிகளின் செம்மண் தூசு ஆகியவை யாவும் தாரின் நுண்ணிய குழிகளில் படிந்து கிடக்கும். சிறு தூறல் இவற்றைக் கழுவிக் கொண்டுபோகப் போதாது. குழைத்துவிட மட்டுமே போதும். எண்ணெய் நீரைவிட இலேசானது ஆதலால் குழிகளிலிருந்து மேலெழும்பி, டயருக்கும் தாருக்கும் இடையில் ஒரு மெல்லிய படலமாக நிற்கும். மழை தொடர்ந்து பெய்து வடிகாலுக்கு நீர் ஓடிய பின்னர் நிலைமை சற்றுத் தேறும். அப்போதும் உலர்ந்த சாலையின் பிடிமானம் திரும்பிவிடாது. குழைந்த படலத்தின் ஆபத்து மட்டுமே குறையும்.

பிடிமானத்தைப் பொறியாளர்கள் உராய்வுக் கெழு என்னும் எண்ணால் குறிப்பர். வண்டியின் எடையில் எவ்வளவு பங்கை டயர் தரையைப் பற்றி இழுக்கும் விசையாகப் பயன்படுத்த முடியும் என்பதே அதன் பொருள். நல்ல உலர்ந்த தார்ச்சாலையில் இது ஏறத்தாழ 0.7. நனைந்த சாலையில் ஏறத்தாழ 0.4. சாலைகளை வடிவமைக்கும்போது வண்டி நிற்கத் தேவையான தொலைவைக் கணக்கிட, இந்தியச் சாலைக் காங்கிரஸ் 0.35 முதல் 0.40 வரையுள்ள மதிப்பையே கொள்கிறது. அதாவது நனைந்த சாலை வடிவமைப்பாளர் எதிர்பார்த்ததுதான். ஈரச் சருகு, சேறு, எண்ணெய்த் திட்டு ஆகியவற்றின் மீது இந்த எண் 0.2 அளவுக்கோ அதற்கும் கீழாகவோ இறங்கிவிடும். அதை எந்த வடிவமைப்பும் கணக்கில் கொள்வதில்லை. ஓட்டுநரே கொள்ள வேண்டும்.

இதை ஒரு கணக்காகப் பார்ப்போம். ஒருவர் மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் செல்கிறார். அது நொடிக்கு 10 மீட்டர். முன்னால் ஒரு ஆட்டோ சட்டென நிற்கிறது. அவர் அதைக் கண்டு பிரேக்கை அழுத்த ஒரு நொடி ஆகும் எனக் கொண்டால், அதற்குள்ளேயே 10 மீட்டர் கடந்துவிடும். பிரேக் பிடித்த பின் உலர்ந்த சாலையில் ஏறத்தாழ 7 மீட்டரில் வண்டி நிற்கும். நனைந்த சாலையில் 13 மீட்டர். எண்ணெய்ப் படலத்தின் மீது 25 மீட்டர். ஆக மொத்தம் 17, 23, 35 மீட்டர். கீழ்ப்பாலத்தின் இறக்கத்தில் இது மேலும் நீளும். நூறு மீட்டருக்கு நான்கு மீட்டர் இறங்கும் சரிவு என்று வைத்துக்கொண்டால், எஞ்சியிருக்கும் 0.2 பிடிமானத்திலிருந்து 0.04 சரிவிற்கே போய்விடும். அப்போது 25 மீட்டர் என்றது 32 மீட்டராகும்.

இனி அதே நபர் வேகத்தை 24 கி.மீ. ஆகக் குறைத்தால் என்ன ஆகும்? ஒரு நொடியில் கடப்பது 7 மீட்டருக்கும் குறைவு. சமதள எண்ணெய்ப் படலத்தில் பிரேக் தொலைவு 11 மீட்டர். மொத்தம் 18 மீட்டர். உலர்ந்த சாலையில் 36 கி.மீ. வேகத்தில் அவருக்குப் பழகிப்போன தொலைவு கிட்டத்தட்ட அதுவே. வேகத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்ததும் பழைய தொலைவு திரும்பிவிட்டது. பிரேக் தொலைவு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து மாறுவதே இதற்குக் காரணம்.

நிற்பதைவிடத் திரும்புவது இன்னும் நுட்பமானது. வண்டி வளைவில் செல்லும்போது அதை வளைவின் உட்புறம் இழுத்துப் பிடிப்பதும் அதே டயரின் பிடிமானமே. தெருமுனையில் 10 மீட்டர் ஆரமுள்ள ஒரு திருப்பத்தை மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் எடுக்க ஏறத்தாழ 0.31 பிடிமானம் வேண்டும். உலர்ந்த சாலையில் இது ஒன்றுமே இல்லை. சேற்றின் மீது அவ்வளவு பிடிமானமே கிடையாது. வண்டி விழுவது திறமைக் குறைவால் அன்று, கணக்கு ஒத்துவராததால். வேகம் 15 கி.மீ. ஆனால் 0.18 போதும், ஆனால் கையிருப்பு முழுவதும் தீர்ந்துவிடும். அந்நேரம் பிரேக்கைச் சற்றுத் தொட்டாலும் செலவு வரவை மீறும். 12 கி.மீ. என்றால் 0.11, கொஞ்சம் மிச்சம் இருக்கும். ஆகவேதான் திருப்பத்திற்கு முன்னரே, வண்டி நிமிர்ந்து நேராகச் செல்லும்போதே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும் என்கின்றனர். ஒரே பிடிமானத்தை நிற்பதற்கும் திரும்புவதற்கும் பங்கிட நேரும்போதுதான் பலர் விழுகின்றனர்.

இலைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். லால்பாக் தோட்டத்தை நிர்வகித்த ஜெர்மானியர் கிரும்பீகல், ஆண்டு முழுவதும் ஒன்றன்பின் ஒன்றாகப் பூக்கும்படி மரங்களைத் தேர்ந்து பெங்களூருச் சாலைகளில் நடச் செய்தார். அந்த மரபின் பயனாகக் கோடையில் புங்கையும் இயல்வாகையும் தூங்குமூஞ்சி மரமும் செம்மயிற்கொன்றையும் சாலையோரங்களைப் பூக்களால் மூடுகின்றன. காண்பதற்கு இனிமை, நனைந்தால் அவையும் சருகுக்கு இளைத்தவை அல்ல. இலையின் மேற்பரப்பில் மெழுகு போன்ற பூச்சு உண்டு. இலைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது இடையில் நீர் தங்கும். டயர் பற்றுவது மேல் இலையை; அந்த இலையோ கீழ் இலையின் மீது வழுக்கிச் செல்லும். இரண்டு மூன்று நாள் மிதிபட்டு மட்கிய இலை கூழாகி இன்னும் மோசமாகும். பிரிட்டனில் இலையுதிர் காலத்தில் தண்டவாளத்தின் மீது நசுங்கிய இலைகள் கடினமான வழுக்குப் படலமாகி ரயில்களையே தாமதப்படுத்துகின்றன. அக்காலத்துக்கென்று தனிக் கால அட்டவணை வகுக்கும் வழித்தடங்கள் அங்கு உண்டு.

ரயில் என்றதும் ஒரு வேடிக்கையான முரண் நினைவுக்கு வருகிறது. ஒக்கலிபுரத்தை ஒட்டிச் செல்லும் தண்டவாளங்களில் இயந்திரச் சக்கரம் வழுக்கினால் ஓட்டுநர் சக்கரத்தின் முன் மணலைத் தூவிப் பிடிமானத்தைக் கூட்டுவார். சாலையிலோ அதே மணலும் ஜல்லியும் பிடிமானத்தைக் குறைக்கின்றன. எஃகுச் சக்கரத்தின் பெரும் எடையில் மணல் பொடியாகி இரு உலோகப் பரப்புகளுக்கும் இடையில் கடித்து நிற்கிறது. ரப்பர் டயரின் கீழ் மணியும் கல்லும் பொடிவதில்லை; சிறு உருளைகளாகப் புரண்டு டயரைத் தம்மோடு கொண்டுபோகின்றன. குழி அடைத்த பின் வாராமல் விட்ட ஜல்லி, வண்டிகளின் சக்கரங்களால் ஒதுக்கப்பட்டுத் தடங்களுக்கு இடையிலும் திருப்பத்தின் வெளிவிளிம்பிலும் குவியும். மற்ற வண்டிகளின் சக்கரம் ஓடிச் சுத்தமாக்கிய தடத்திலேயே செல்வது நல்லது. எண்ணெய்க்கும் இதே விதி பொருந்தும். அது சொட்டுவது வண்டியின் நடுப்பகுதியிலிருந்து. சிக்னல் கோட்டின் முன்னும் பேருந்து நிறுத்தத்திலும் தடத்தின் நடுவே கறுத்த பட்டையாக அதைக் காணலாம்.

சேற்றில் மற்றொரு சூழ்ச்சி உண்டு. கட்டடம் எழும் இடத்திலிருந்து வெளிவரும் லாரி, செம்மண்ணைச் சக்கரத்தில் சுமந்துவந்து நூறு மீட்டர் வரையிலும் சாலையில் அப்பிவிடும். அதைக் கடக்கும் நம் டயரின் பள்ளங்களும் சேற்றால் அடைபட்டு, புதிய டயரும் தேய்ந்த டயர்போல் வழவழப்பாகிவிடும். ஆகவே சேறு முடிந்து நல்ல தார் வந்ததுமே வேகமெடுத்துச் சாய்ந்து திரும்பக் கூடாது. டயர் சிறிது தூரம் நேராக உருண்டு தன்னைத் துடைத்துக்கொள்ள இடம் தர வேண்டும்.

சாலை எவ்வளவு வழுக்குகிறது என்று அறிய ஒரு வழி சிக்னலில் கால் ஊன்றும்போதே கிடைக்கிறது. காலணியின் அடியைச் சற்று முன்னும் பின்னும் தேய்த்துப் பார்த்தால், தார் கரகரக்கிறதா நழுவுகிறதா என்பது தெரிந்துவிடும். வானவில் நிறம் தெரிந்தாலோ டீசல் நெடி வந்தாலோ தேய்த்துப் பார்க்கவும் வேண்டியதில்லை. டீசல் பெட்ரோலைப்போல் விரைந்து ஆவியாகாது. திருப்பத்தில் சிந்திய டீசல் நாள் முழுவதும் இருக்கக்கூடும். அதன்மேல் யாரேனும் மண் தூவியிருந்தாலும் நம்பிவிட வேண்டாம். மண் எண்ணெயை உறிஞ்சிய பின் வாரி எடுத்தால்தான் பயன். வாராமல் விட்டால் வழுக்கலோடு புழுதியும் சேரும்.

திட்டின் மீது ஏறிவிட்ட பின் செய்ய வேண்டியது குறைவு. திட்டைக் கண்டதும் அதற்கு முன்னரே வேகத்தைக் குறைத்துவிட்டு, அதன் மீது செல்லும்போது பிரேக்கைத் தொடாமல், கியரை மாற்றாமல், ஆக்சிலரேட்டரைக் கூட்டாமலும் சட்டென்று விடாமலும், நிமிர்ந்து நேராகக் கடக்க வேண்டும். கைகள் இறுகாமல் இருந்தால் ஹாண்டில் தானே சற்று அசைந்து நேராகும். பின்சக்கரம் பக்கவாட்டில் நழுவுவது போலிருந்தால் பார்வையைப் போக வேண்டிய திசையிலேயே வைத்து, பின் பிரேக்கை மெல்லத் தளர்த்த வேண்டும். முன் சக்கரம் நழுவினால் முன் பிரேக்கை அக்கணமே விட்டுவிட வேண்டும்; அதற்குக் கிடைக்கும் நேரம் மிகச் சிறிது.

2019 ஏப்ரலில் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய இருசக்கர வாகனங்களுக்கு ஏ.பி.எஸ். கட்டாயமாக்கப்பட்டது, அதற்குக் குறைந்தவற்றில் இரு பிரேக்குகளும் இணைந்து இயங்கும் அமைப்பாவது இருக்க வேண்டும் என்று அப்போது விதிக்கப்பட்டது. ஏ.பி.எஸ். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும். இல்லாத பிடிமானத்தை உண்டாக்காது. உதிரி ஜல்லியில் அது நிற்கும் தொலைவை நீட்டவும் கூடும். பூட்டிய சக்கரம் கற்களைத் தன் முன் குவித்து அதில் முட்டி நிற்கும். உருண்டுகொண்டே இருக்கும் சக்கரத்திற்கு அந்த உதவி இல்லை.

இறுதியாக, கணக்குப் புத்தகத்தைச் சேர்ந்த ஒரு செய்தி. சருகில் வழுக்கி விழுவது பெரும்பாலும் வேறு வண்டி சம்பந்தப்படாத விபத்து. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவருக்குத் தம் வண்டியைப் பழுதுபார்க்கும் செலவு அதிலிருந்து கிடைக்காது. சொந்தச் சேதப் பிரிவும் சேர்ந்த பாலிசி வேண்டும். உரிமையாளர் ஓட்டுநருக்கான கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீட்டின் தொகை 15 லட்சம் ரூபாய். அது உயிரிழப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும் உரியது. எலும்பு முறிவின் மருத்துவச் செலவுக்கு உரியதன்று. அதைப் பெற, செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமமும் தம் பெயரில் வண்டியின் பதிவும் இருக்க வேண்டும். கைமாறி வாங்கிய வண்டியைப் பல மாதங்கள் பெயர் மாற்றாமலே ஓட்டுபவர்கள் மழைக்கு முன் பார்க்க வேண்டிய தாள் அதுவே.