பூசம் மறுபடி எப்போது வரும்?

சிராங்கூன் சாலை கோயிலில் அம்மாவின் பிறந்த நட்சத்திரத்தன்று மாதாமாதம் அர்ச்சனை செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நட்சத்திரங்கள் 27 என்பதால், நாட்காட்டியில் 27 நாள் எண்ணி அடுத்த தேதியைக் குறிக்கிறீர்கள். முதல் மாதம் சரியாக அமையலாம். மூன்றாவது மாதம் போய் நின்றால், "நட்சத்திரம் நாளைக்குத்தானே?" என்பார் அர்ச்சகர். உங்கள் கணக்கில் எங்கே பிழை?

இன்று பூசம் என்றால், பூமியிலிருந்து பார்க்கும்போது நிலா இன்று வானில் பூசத்துக்குரிய பகுதியில் இருக்கிறது என்று பொருள். நிலா சுற்றிவரும் 360 பாகைப் பாதையை முன்னோர் 27 சம பங்குகளாகப் பிரித்தார்கள். ஒரு பங்கு 13 பாகைக்குச் சற்று அதிகம். நிலா ஒரு முழுச் சுற்று சுற்றி அதே இடத்துக்கு வரச் சராசரியாக 27 நாள் 7 மணி 43 நிமிடம் ஆகிறது. நாம் விட்டுவிட்டது இந்த 7 மணி 43 நிமிடத்தைத்தான். ஒரு சுற்றில் அது பெரிதாகத் தெரியாது. மூன்று சுற்றில் 23 மணி 9 நிமிடம், அதாவது ஏறக்குறைய ஒரு முழு நாள் ஆகிவிடுகிறது.

எனவே 27, 27, 28 என்று எண்ணுங்கள். மூன்று சுற்றுக்கு 82 நாள். இதை நினைவில் வைத்துக்கொண்டால் பஞ்சாங்கம் கையில் இல்லாதபோதும் தேதியை மதிப்பிடலாம்.

இதைத் தைப்பூசத்தில் சோதித்துப் பார்ப்போம். சிங்கப்பூரில் 2025ஆம் ஆண்டு தைப்பூசம் பிப்ரவரி 11. அன்றிலிருந்து பூசம் 13 முறை திரும்பி வந்தால் அடுத்த தைப்பூசம். வெறும் 27ஆல் பெருக்கினால் 351 நாள். விடை 2026 ஜனவரி 28. அன்று நிலா ரோகிணிப் பகுதியில்தான் இருந்தது. பூசத்துக்கு இன்னும் மிருகசீரிடம், திருவாதிரை, புனர்பூசம் ஆகிய மூன்றையும் கடக்க வேண்டும். இப்போது 27.32ஆல் பெருக்குங்கள். 355 நாளுக்குச் சற்று அதிகம் வரும். பிப்ரவரி 11உடன் 355 நாளைக் கூட்டினால் 2026 பிப்ரவரி 1. சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்குக் காவடிகள் சென்றது அந்த நாளில்தான்.

ஓராண்டில் 365 நாள் இருக்க, 13 சுற்று 355 நாளிலேயே முடிந்துவிடுகிறது. நட்சத்திரப் பிறந்தநாள் ஆங்கிலத் தேதியை ஒட்டி நிற்காமல் ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறுவது இதனால்தான்.

இந்த மதிப்பீட்டுக்கு ஓர் எல்லை உண்டு. நிலாவின் பாதை சரியான வட்டம் அன்று. பூமிக்கு அருகில் வரும்போது அது வேகமாக ஓடும். தொலைவில் மெல்ல நகரும். ஒரு நட்சத்திரத்தைக் கடக்கச் சில நேரம் 21 மணி நேரம் போதும். சில நேரம் 27 மணி நேரம் வரை ஆகும். ஆகவே நம் கணக்கு சில மணி நேரம் முன்பின்னாக இருக்கும். விடை நள்ளிரவையோ விடியற்காலையையோ ஒட்டி வந்தால், பக்கத்து நாளையும் சேர்த்துக் குறித்துக்கொண்டு பஞ்சாங்கத்தில் சரிபாருங்கள்.

பஞ்சாங்கம் பார்க்கும்போது அது எந்த ஊருக்குக் கணித்தது என்பதைக் கவனியுங்கள். சிங்கப்பூர்க் கடிகாரம் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. பிப்ரவரியில் ஒரு நாள், சென்னைப் பஞ்சாங்கத்தில் பூசம் காலை 6.00 மணிக்கு முடிகிறது என்று கொள்வோம். சென்னையில் அப்போது சூரியன் உதித்திருக்காது. உதய வேளையில் ஆயில்யம் தொடங்கிவிடுவதால், அந்த நாளை ஆயில்யம் என்பார்கள். அதே கணம் நமக்குக் காலை 8.30. இங்கே சூரியன் 7.15 மணி அளவில் உதித்தபோது பூசம் இருந்தது. உதயத்தில் இருக்கும் நட்சத்திரத்தையே நாளின் நட்சத்திரமாகக் கொண்டால், அதே தேதி சென்னையில் ஆயில்யம், சிங்கப்பூரில் பூசம். நிலா இருக்கும் இடம் ஒன்றுதான். ஊருக்கு ஊர் மாறுவது சூரிய உதயம்.

இன்றே உங்கள் வீட்டு நாட்காட்டியில் உங்கள் நட்சத்திரம் வரும் நாளை வட்டமிடுங்கள். அதிலிருந்து 82 நாள் எண்ணி இன்னொரு வட்டம் போடுங்கள். அந்த நாளில் என்ன நட்சத்திரம் அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள்.