பழைய சுவரில் மீண்டும் திருகாணி இறுக்குதல்: துளைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பிளக்கை எடுப்பது எப்படி?

பல வருடங்களுக்குப் பிறகு வீடு திரும்பும் குடும்பங்கள் கூரை, கதவு, கிணறு ஆகியவற்றைச் சரிசெய்த பின்னர் செய்யும் வேலைகளில் ஒன்று, சுவரில் தட்டு அடிப்பது. குசினியில் முன்பு தட்டு இருந்த இடத்தில் நான்கு துளைகள் அப்படியே இருக்கும். அந்தத் துளைகளுக்குள், திருகாணியைப் பிடித்துக்கொள்வதற்காக அடித்த சிறிய பிளாஸ்டிக் குழல்களும் இருக்கும். இவற்றை ரோல் பிளக் என்று சொல்வோம். அதே இடத்தில் புதிய தட்டை அடிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் டிறில் மெஷினை எடுத்து, பழைய பிளக்கின் மேலேயே துளைக்கத் தொடங்குகிறார்கள். இதைச் செய்ய வேண்டாம்.

கல்லையும் சீமெந்தையும் துளைக்கும் பிற் அவற்றை இடித்துத் தூளாக்கியே உள்ளே போகிறது. பிளாஸ்டிக் அப்படித் தூளாகாது. அது சூடாகி இளகி, பிற்றைச் சுற்றிக்கொள்ளும், அல்லது பிற்றோடு சேர்ந்து சுழலும். வழுக்கும் பிற் மென்மையான பக்கத்தைத் தேடி ஒதுங்கும். சுவரில் மென்மையான பக்கம் என்பது பூச்சுத்தான். கடைசியில் வட்டமாக இருக்க வேண்டிய துளை முட்டை வடிவமாகிவிடும், புதிய பிளக் அதற்குள் ஆடும். திருகாணியை இறுக்கும்போது அதுவும் சேர்ந்து சுற்றும். அன்றைக்குத் தட்டு நின்றாலும் அரிசி வாளியை வைத்த பிறகு ஒரு நாள் அது விழலாம். அடுப்பும் பிள்ளைகளும் அதற்குக் கீழேதான் இருப்பார்கள்.

சுவரில் கை வைப்பதற்கு முன் இரண்டு விடயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, போர் நடந்த இடத்து வீடு என்றால் சுவரில் உள்ள ஓட்டைகள் எல்லாம் நீங்கள் போட்டவையாக இருக்காது. ஓட்டைக்குள் திருகாணியோ ஆணியோ அல்லாத, என்னவென்று தெரியாத உலோகப் பொருள் தெரிந்தால் அதைத் தட்டவோ, கிண்டவோ, துளைக்கவோ வேண்டாம். பிள்ளைகளை அப்பால் அழைத்துச் சென்று, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

இரண்டாவது, மின்கம்பி. பழைய துளை இருந்த இடம்தானே, அதனால் கம்பி போகாது என்று நினைப்பது இயல்பு. ஆனால் வீடு திரும்பிய பின் வயரிங் புதிதாகச் செய்திருந்தால் அந்தக் கணக்குச் சரிவராது. சுவிட்சுக்கும் பிளக் பொயின்றுக்கும் நேர் மேலே, நேர் கீழே, நேர் பக்கத்தில் சுவருக்குள் குழாய் போவது வழமை. அந்தக் கோடுகளில் துளைக்காதீர்கள். எங்கே போகிறது என்று தெரியாவிட்டால் வயரிங் செய்தவரிடம் கேளுங்கள். கையால் பிளக்கை எடுக்கும் வேலையை மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுச் செய்யலாம்.

இனி, பிளக் எப்படிச் சுவரைப் பிடிக்கிறது என்பதை அறிந்துகொண்டால் அதை எடுப்பது இலகு. பிளக்கின் வாய்ப்பக்கம் முழுக் குழலாக இருக்கும், உள்பக்கம் பிளந்திருக்கும். திருகாணி உள்ளே போகப் போக அந்தப் பிளந்த பகுதி விரிந்து கல்லை நெருக்கும். ஆகவே திருகாணி முழுவதும் உள்ளே இருக்கும்போது பிளக்கை இழுத்தால் அது வராது, இழுக்க இழுக்கப் பூச்சுத்தான் உடையும். திருகாணி வாய்ப்பகுதியில் மட்டும் இருந்தால் உள்பக்கம் சுருங்கும், பிளக் கழன்று வரும். இதுதான் முழு வேலையின் சூத்திரம்.

வலிகாமத்தில் ஒரு வீட்டில் இந்த வேலை எப்படி நடந்தது என்பதைச் சொன்னால் தெளிவாகும். சீமெந்துக் கல் சுவர், மேலே ஏறத்தாழ 15 மில்லிமீற்றர் பூச்சு. இரண்டு இரும்புத் தாங்கிகள், ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு துளை, கீழே ஒரு துளை. நான்கிலும் 6 மில்லிமீற்றர் பிளக். நான்கும் நான்கு விதமாக இருந்தன.

முதலாவது துளையில் திருகாணி இல்லை, பிளக் மட்டும் நல்ல நிலையில் இருந்தது. அந்தப் பிளக்குக்குப் பொருந்தும் 4 மில்லிமீற்றர் தடிப்புள்ள திருகாணியை மூன்று நான்கு சுற்றுக்கள் மட்டும் இறுக்கினார்கள். தலை சுவருக்கு வெளியே விரல் நுழையும் அளவுக்கு நின்றது. சுவரோடு ஒரு சிறிய பலகைத் துண்டை வைத்து, ஆணி பிடுங்கும் சுத்தியலின் பிளவைத் திருகாணித் தலையில் கொளுவி, பலகையில் ஊன்றி மெதுவாகச் சாய்த்தார்கள். பிளக் முழுசாக வெளியே வந்தது. பலகைத் துண்டை மறக்கக் கூடாது. அது இல்லாமல் சுத்தியலை நேராகச் சுவரில் ஊன்றினால் பூச்சு உடைந்து பெயரும்.

இரண்டாவதில் பழைய திருகாணியே இருந்தது, ஆனால் அதைத் திருப்பும்போது பிளக்கும் கூடவே சுற்றியது. இந்த நிலையில் சுற்றிக்கொண்டே இருந்தால் எவ்வளவு நேரமானாலும் வெளியே வராது. திருகாணித் தலைக்கு அடியில் ஸ்குரூ டிறைவரின் முனையையோ மெல்லிய உளியையோ நுழைத்து, வெளிப்பக்கம் லேசாக நெம்பிக்கொண்டு திருப்ப வேண்டும். நெம்பும்போது பிளக் சுவரில் அழுந்தும், அதனால் அது சுற்றாமல் நிற்கும், திருகாணி கழன்று வரும். பாதிக்கு மேல் கழன்றதும் திருப்புவதை நிறுத்திவிட்டு, முதலாவது துளையில் செய்ததுபோல இழுத்தார்கள்.

மூன்றாவதுதான் வில்லங்கமானது. கூரை இல்லாமல் மழை நனைந்த சுவர், திருகாணி துருப்பிடித்துத் தலை முறிந்திருந்தது. அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கும் வெயிலும் மழையும் பட்டு நொறுங்கும் நிலையில் இருந்தது. சிலர் இதை நெருப்பால் சூடாக்கி இளக்கப் பார்ப்பார்கள். பிளாஸ்டிக் எரியும் புகை கெடுதலானது, உருகியது துளைக்குள்ளேயே ஒட்டியும் போகும். அவ்வாறு செய்யாமல், துருவில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஒரு இரவு வைத்தார்கள். அடுத்த நாள் துளையின் வாயைச் சுற்றி நொறுங்கிய பிளாஸ்டிக்கை மெல்லிய ஆணியால் கிளறி எடுத்ததும் திருகாணியின் முனை பிடிபடும் அளவுக்கு வெளித் தெரிந்தது. கூர்மூக்குக் குறட்டால் அதைப் பிடித்து, இடப்பக்கமாகத் திருப்பிக்கொண்டே இழுத்தார்கள். திருகாணி வந்தது, பிளக்கின் உள்பாதி துளைக்குள் நின்றுவிட்டது.

இப்படி நின்றுவிடும் துண்டுக்கு, நீளமான மெல்லிய திருகாணியைத் துண்டின் ஒரு பக்கத்தில் கல்லுக்கும் பிளாஸ்டிக்குக்கும் இடையே செலுத்திப் பாருங்கள். துண்டு உள்பக்கமாக மடியும். அதன் பிறகு குறட்டால் எடுக்கலாம். உள்ளே கூடான சீமெந்துக் கல் என்றால் துண்டைத் தள்ளி உள்ளே விழுத்திவிட்டாலும் குறையில்லை. கூடில்லாத கல்லில் அப்படித் தள்ளினால் அது துளையின் அடியில் கிடந்து புதிய பிளக்கை முழு ஆழத்துக்குப் போகவிடாது.

நான்காவது துளையில் பிளக்கைத் தொடுவதற்கு முன்பே சிக்கல் தெரிந்தது. விரல் மூட்டால் சுவரைத் தட்டியபோது துளையைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குக் ‘டொக்கு டொக்கு’ என்று வெற்றுச் சத்தம் கேட்டது. மற்ற மூன்று இடங்களிலும் சத்தம் கெட்டியாக இருந்தது. வெற்றுச் சத்தம் என்றால் பூச்சு கல்லை விட்டுக் கழன்றிருக்கிறது. அந்த இடத்தில் நெம்பி இழுத்தால் பிளக்கோடு பூச்சும் பலகையாக விழும். அவ்வாறான பூச்சைத் தட்டி அகற்றி, கல்லை நனைத்து, ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு மணல் கலந்து புதிதாகப் பூசி, ஒரு வாரமாவது ஈரம் காயவிடாமல் வைத்திருந்த பின்னரே துளைக்கலாம். அந்தக் குடும்பம் அதைச் செய்யாமல் அந்தத் தாங்கியைப் பக்கமாகத் தள்ளி, அதன் இரண்டு துளைகளையும் கெட்டியான இடத்தில் புதிதாகப் போட்டது. அதுவே நல்ல முடிவு என்பது எமது கருத்து. பழைய துளையைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை.

பிளக் வெளியே வந்ததும் துளையை ஊதித் துப்புரவாக்குங்கள். ஊதும்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள், அல்லது ஒரு துண்டு ரியூப்பால் ஊதுங்கள். பிறகு பழைய பிளக்கின் நீளத்தைப் பாருங்கள். அந்த வீட்டில் அது 30 மில்லிமீற்றர். அதில் பாதி பூச்சுக்குள்ளும் பாதி மட்டுமே கல்லுக்குள்ளும் இருந்தது. பூச்சு பாரம் தாங்காது. தடித்த பிளக் போட்டும் தட்டு ஆடுகிறதே என்பவர்கள் பெரும்பாலும் நீளத்தைக் கவனிக்காதவர்கள். இங்கே 8 மில்லிமீற்றர் தடிப்பும் 40 மில்லிமீற்றர் நீளமும் கொண்ட பிளக்கும், 5 மில்லிமீற்றர் திருகாணியும் வாங்கினார்கள். பிளக்கின் நிறம் கொம்பனிக்குக் கொம்பனி மாறும். ஆகவே நிறத்தைச் சொல்லி வாங்காமல், பழைய பிளக்கை ஹாட்வெயார் கடைக்குக் கொண்டுபோய் அதைவிடத் தடித்ததும் நீளமானதும் கேளுங்கள்.

8 மில்லிமீற்றர் பிற்றில் முனையிலிருந்து 50 மில்லிமீற்றர் அளந்து ரேப் சுற்றிக்கொள்ளுங்கள். அந்த அடையாளம் வரை துளைத்தால், பிளக் போன பின்னும் தூள் தங்க 10 மில்லிமீற்றர் இடம் மிஞ்சும். தொடங்கும்போது மெஷினின் அடிக்கும் விசையை, ‘ஹாமர்’ என்பதை, நிறுத்தி மெதுவாகச் சுழலவிடுங்கள். பழைய துளையின் நடுவில் பிற் நிலையாக நின்ற பிறகுதான் அதைப் போட வேண்டும். முதலிலேயே அடித்தால் துளையின் வாய் உடையும்.

யாழ்ப்பாணத்துப் பழைய சுண்ணாம்புக்கல் வீடுகளில் ஒரு வித்தியாசம் உண்டு. கல்லுக்கும் கல்லுக்கும் இடையே உள்ள சுண்ணாம்புச் சாந்து மிருதுவானது. வெளிவரும் தூள் மணலாகக் கொட்டிக்கொண்டே இருந்தால் பழைய துளை சாந்தில்தான் இருக்கிறது. அதில் எவ்வளவு பெரிய பிளக் போட்டாலும் நிற்காது. பக்கத்தில் இரண்டு மூன்று அங்குலம் தள்ளிக் கல்லில் துளையுங்கள்.

புதிய பிளக் கையால் தள்ளினால் பாதி போக வேண்டும், மீதி சுத்தியலால் மெல்லத் தட்டப் போக வேண்டும். தட்டாமலே முழுவதும் போனால் துளை பெரிது. தீக்குச்சி, கடதாசி திணித்து இறுக்குவது படம் மாட்டப் போதும், தட்டுக்குப் போதாது. முக்கியமாகத் தாங்கியின் மேல் துளையில் அதைச் செய்யாதீர்கள். பாரம் வைக்கும்போது கீழ்த் திருகாணி சுவரோடு அழுந்துகிறது, மேல் திருகாணி வெளியே இழுபடுகிறது. தட்டு விழும்போது முதலில் கழன்று வருவது மேல் திருகாணிதான். கையில் நல்ல பிளக் ஒன்றுதான் இருக்கிறது என்றால் அதை மேலே போடுங்கள்.

தட்டை இறுக்கிய பின் பொருட்களை வைக்காமல், முதலில் இரண்டு கைகளாலும் அதன் முன் விளிம்பைப் பிடித்துக் கீழே அழுத்திப் பாருங்கள். தாங்கியின் மேல்முனைக்கும் சுவருக்கும் இடையே ஒரு கடதாசி நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிந்தாலும் அந்தத் துளை பிடிக்கவில்லை. கழற்றி வேறிடத்தில் போடுங்கள். பயன்படுத்தாமல் விட்ட பழைய துளைகளைச் சீமெந்து வைத்து மூடிவிடலாம்.